மாடியை மூன்றால் பெருக்காதீர்கள்



உந்துவப் போயாவோடு பாவாத மலை சீசன் தொடங்கினால், நம்ம ஊர்ப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து போடும் பதிவுகளும் தொடங்கிவிடும். "இன்று தொடர்மாடிப் படியிலேயே சிவனொளிபாத மலை ஏறி முடித்தேன்" என்று ஒரு படம், கீழே ஒரு கணக்கு. அந்தக் கணக்கில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் போன சீசனில் அப்படிப் பயிற்சி எடுத்துக்கொண்டு நல்லதண்ணிக்கு வந்தான். மலையின் உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து ஏற வேண்டியது ஏறக்குறைய 1,000 மீட்டர். அவன் வேலை செய்யும் கட்டடத்தில் 14 மாடி. மாடிக்கு 3 மீட்டர், ஆக 42 மீட்டர். 24 தடவை ஏறினால் 1,008. ஒரு தடவைக்கு 3 நிமிடம், ஆகவே 72 நிமிடத்தில் மலை முடிந்தது என்று நினைத்துவிட்டான். அவன் உச்சிக்குப் போய்ச் சேரும்போது சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. இறங்கும்போது முழங்காலுக்கு மேலே தொடை நடுங்கி, படிக்குப் படி உட்கார்ந்துதான் வந்தான்.

பையன் சோம்பேறி இல்லை. கணக்குத்தான் பிழை. இருவருமாக உட்கார்ந்து மறுபடி போட்டோம்.

முதலில் மாடி. லிஃப்டில் 14 என்று பொத்தான் இருந்தாலும் அந்தக் கட்டடத்தில் 13 என்ற மாடியே இல்லை. ஆகவே தரையிலிருந்து உச்சிக்கு 13 ஏற்றம்தான். தரை மாடி உயரமானது, 26 படி. மற்ற 12 ஏற்றத்துக்கும் 16 படி வீதம் 192. மொத்தம் 218 படி. ஒரு படியின் உயரம் 16.5 சென்ரிமீட்டர். பெருக்கினால் 36 மீட்டர், 42 அல்ல. 24 தடவைக்கு 864 மீட்டர்தான் வரும். 1,000 தாண்ட 28 தடவை ஏற வேண்டும்.

மூன்றால் பெருக்குவது மறுபக்கமும் பிழைக்கும். நியூயோர்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் 86 மாடி, 1,576 படி, உயரம் 320 மீட்டர். மாடிக்கு மூன்று என்றால் 258 தான் வரும். படிக் கணக்கில் போனால் படிக்கு 20 சென்ரிமீட்டர், சரியாகப் பொருந்துகிறது. 2003இல் போல் கிரேக் அதை 9 நிமிடம் 33 விநாடியில் ஏறினார். அது மணிக்கு 2,000 மீட்டர் வேகம். அதோடு நம்மை ஒப்பிட வேண்டாம்!

படியை அளக்கும்போது ஒற்றைப் படியில் நாடா வைக்காதீர்கள். பத்துப் படிக்கான நேர் உயரத்தை அளந்து பத்தால் வகுங்கள். படிக்கு அரைச் சென்ரிமீட்டர் தவறினாலே 28 தடவையில் 30 மீட்டர் போய்விடும். இரண்டு இரண்டு படியாகத் தாவினாலும் உயரம் அதேதான், கூடாது. கைக்கடிகாரம் காட்டும் மாடி எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. அது காற்றழுத்தத்தைப் பார்த்துச் சொல்கிறது, மழை வரப் போகும்போது அழுத்தம் தானாகவே மாறும்.

அடுத்தது நேரம். 3 நிமிடம் என்பது களைக்காத முதல் தடவையின் நேரம். நடுவில் பத்தாம், பதினைந்தாம் தடவையைப் பார்க்கச் சொன்னேன். 4 நிமிடம். அதாவது மணிக்கு 540 மீட்டர். 28 தடவைக்கு ஏற்றம் மட்டும் 112 நிமிடம்.

இதையும் அப்படியே மலைக்குக் கொண்டுபோக முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் அவன் லிஃப்டில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறான். மலையில் அந்த ஓய்வு இல்லை. அங்கே படிகளும் ஒரே அளவு இல்லை, சனி ஞாயிறுகளில் உச்சிக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டும்.

தொடை நடுங்கியதற்கும் அந்த லிஃப்ட்தான் காரணம். ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கியபடி நீள வேண்டியிருக்கிறது. அந்த வேலையை அவன் ஒரு நாளும் பழகவில்லை. 864 மீட்டர் ஏறினான், ஒரு மீட்டர்கூட இறங்கவில்லை. படியால் இறங்க 3 நிமிடம் என்றால் 28 தடவைக்கு இன்னும் 84 நிமிடம். ஆக மொத்தம் 196 நிமிடம், மூன்றே கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. 72 நிமிடம் எங்கே, இது எங்கே? முதல் வாரமே எல்லாத் தடவையும் இறங்கப் போகாதீர்கள், ஐந்தாறில் தொடங்கிக் கூட்டுங்கள்.

ஆகவே பதிவு போடும் பிள்ளைகளே, மாடி எண்ணிக்கை வேண்டாம். எத்தனை படி, ஒரு படி எவ்வளவு, எத்தனை தடவை, கால்நடையாக எத்தனை தடவை இறங்கினீர்கள் என்று எழுதுங்கள். கீழே பார்க்கிற தம்பிமாரும் அதை நம்பித்தான் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இரவில் ஏறப் போகிறார்கள்.

அந்தப் பையன் நேற்றுத்தான் செய்தி அனுப்பியிருந்தான்: "சேர், இன்று 9 தடவை. 324 மீட்டர். ஆறு தடவை படியால் இறங்கினேன்." ஒன்பதாவது தடவைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.