‘ஒண்ணும் வேணாம்’ என்று சொல்லும் தம்பிக்கு என்ன வாங்குவது?

“உனக்கு பர்த்டேக்கு என்னடா வேணும்?”

“ஒண்ணும் வேணாம்க்கா.”

“ஷூ?”

“இருக்கு.”

“சட்டை?”

“ம்ஹூம்.”

விழுப்புரத்தில் இருக்கும் என் சித்தி பையனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு. மூன்று வருடங்களுக்கு முன்புவரை நான் ஊருக்குப் போனால் பையைப் பிடுங்கித் தேடியவன், இப்போது தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. கிரிக்கெட் கோச்சிங்கை விட்டுவிட்டான். கீபோர்டு கிளாஸ் ஒரு மாதம்தான். “இவனுக்கு எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்லடி” என்பது சித்தியின் நிரந்தரப் புலம்பல்.

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து ‘டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ஏற்ற பரிசுகள்’ என்று லிஸ்ட் போட்டு எழுதியவள்தான் நான். அதில் ஒன்றுகூட இவனுக்குப் பொருந்தவில்லை.

போன வருடம் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய குழந்தைப் பருவ போட்டோவை ஒரு காபி மக்கில் பிரின்ட் செய்து கொடுத்தேன். காது குத்தின அன்று, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு எடுத்த போட்டோ. எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்த அவன் நண்பர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்கு வகுப்பில் அவன் பெயர் ‘சந்தனம்’. இப்போது அந்த மக்கில் சித்தப்பா பேனா போட்டு வைத்திருக்கிறார்.

அது எனக்குப் பிடித்த பரிசு. என் நினைவில் இருக்கும் பையனுக்கு வாங்கியது, எதிரில் இருப்பவனுக்கு இல்லை. தன்னம்பிக்கைப் புத்தகம், ஃபேஸ் வாஷ், டியோடரன்ட் எல்லாம் இதைவிட மோசம். ‘நீ சரியில்லை’, ‘உனக்குப் பரு இருக்கு’, ‘உன்மேல வாடை வருது’ என்று பேக் செய்து கொடுப்பது மாதிரி.

அதனால் இந்த வருடம் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு மணி நேரம் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன பிடிக்கும் என்று தேடவில்லை. தினமும் கையில் எடுக்கும் பொருளில் எதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறான் என்று மட்டும் பார்த்தேன்.

இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, சார்ஜர் கேபிள். கழுத்துப் பக்கம் பிய்ந்து, பிளாஸ்திரி சுற்றியிருந்தது. நீளம் ஒரு மீட்டர்தான். ஹாலில் பிளக் பாயின்ட் இருப்பது வாசல் கதவுக்குப் பக்கத்தில். ‘எப்பப் பாரு வாசல்லயே படுத்துக் கிடக்கான், வர்றவங்க தாண்டிப் போக வேண்டியிருக்கு’ என்று சித்தி தினமும் திட்டுகிறார். அவன் அங்கே படுப்பது பிடித்துப்போய் அல்ல. கேபிள் அதற்குமேல் எட்டாது.

இரண்டாவது, இயர்போன். ஒரு காதில்தான் சத்தம் வருகிறது. பின்னை ஒரு கோணத்தில் வளைத்து, விரலால் அழுத்திப் பிடித்தபடியே கேம் விளையாடுகிறான்.

என் பட்ஜெட் 1,200 ரூபாய். கடைக்குப் போகும் முன், அவன் குளிக்கப் போன நேரத்தில் சார்ஜரையும் போனின் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். இது முக்கியம். போன் பக்கம் டைப்-சி. சார்ஜர் பக்கம் பழைய செவ்வக ஓட்டை. இது தெரியாமல் இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளை வாங்கினால் சார்ஜரில் நுழையாது. சார்ஜரில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று இருக்கும். இவனுடையதில் 5 வோல்ட், 2 ஆம்பியர். இதற்கு நல்ல கேபிள் எதுவும் போதும். 10 வோல்ட், 6.5 ஆம்பியர் என்பது மாதிரி பெரிய எண் இருந்தால், அது அந்த போன் கம்பெனியின் வேக சார்ஜிங். அதே கம்பெனி கேபிள் வாங்காவிட்டால் மெதுவாகத்தான் ஏறும்.

2 மீட்டர் கேபிள் வாங்கினேன், நைலான் பின்னல் போட்டது. நீளமான கேபிளில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே கம்பி மெல்லியதாக இருந்தால் சார்ஜ் ஏற ரொம்ப நேரம் எடுக்கும். அதனால் ரோட்டோரத்து 99 ரூபாய் ரகத்தைத் தவிர்த்து, அட்டையில் 3 ஆம்பியர் என்று போட்டிருந்ததை எடுத்தேன்.

இயர்போனில்தான் தவறு செய்யப் பார்த்தேன். ப்ளூடூத் இயர்பட்ஸைக் கையில் எடுத்துவிட்டேன், ‘ஸ்டைலா இருக்கும்’ என்று. அப்புறம்தான் நினைவு வந்தது. விலை குறைந்த ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். பாட்டுக்குத் தெரியாது. கேம் விளையாடுபவனுக்கு, எதிரியின் காலடிச் சத்தம் அவன் சுட்ட பிறகு வந்தால் என்ன பிரயோஜனம்? அவன் ஒயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. போனில் உருண்டை ஓட்டையும் இருந்ததால், ஒயர் உள்ளதையே வாங்கினேன். நண்பர்களோடு பேச மைக் வேண்டும். பின் நேராக இல்லாமல் ‘எல்’ வடிவில் இருக்க வேண்டும். போனைப் படுக்கவாட்டில் பிடிக்கும்போது நேரான பின் உள்ளங்கையில் இடித்து, வளைந்து, ஒரு காது போய்விடும். அவனுடைய பழைய இயர்போனும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

‘போனை விடுடான்னு நான் கத்திக்கிட்டிருக்கேன், நீ இதை வாங்கித் தர்றியா?’ என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். எத்தனை மணி நேரம் என்பது வீட்டில் தனியாகப் பேசி முடிக்க வேண்டிய விஷயம். அதைப் பரிசுக்குள் வைத்து மடித்தால் பேச்சும் கெடும், பரிசும் கெடும். போன் சமாச்சாரமே வேண்டாம் என்றால் வேறு பக்கம் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாட்டியோடும் தம்பியோடும் ஒரே பீரோவைப் பகிர்ந்துகொள்கிறாள். அவள் மாமா வாங்கிக் கொடுத்தது பூட்டு வைத்த சின்ன இரும்புப் பெட்டி. இரண்டு சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார். ‘ஒண்ணு நான் வெச்சுக்கிறேன்’ என்ற அவள் அம்மாவுக்குத் தரவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நானும் பயந்து கவனித்தேன். வீட்டில் முகம் கொடுக்காத பிள்ளை, நண்பன் கூப்பிட்டால் எழுந்து ஓடுகிறானா? என் தம்பி ஓடுகிறான். கேமில் சிரிக்கிறான், சாப்பிடுகிறான். அவனுக்கு நாம்தான் போர். ஆனால் நண்பர்களையும் தவிர்த்து, பிடித்ததையும் விட்டு, தூக்கமும் சாப்பாடும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது பரிசு வாங்கிச் சரிசெய்கிற விஷயம் இல்லை. டாக்டரிடம் பேச வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது.

பரிசைக் கேக் வெட்டும்போது கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் ‘பிரிச்சுக் காட்டுடா, பிடிச்சிருக்கா சொல்லு’ என்று நிற்க வைத்தால், பிடித்திருந்தாலும் முகம் இறுகிவிடும். முந்தின நாள் சாயங்காலம், கடைக் கவரோடு, பில்லோடு அவன் பக்கத்தில் வைத்தேன். “சரியில்லைன்னா மாத்திக்கோ. இயர்போன் கவரைப் பிரிச்சிட்டா மாத்தித் தர மாட்டாங்களாம், பிரிக்கறதுக்கு முன்னாடி பார்த்துக்கோ” என்றேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எல் பின்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ம்” என்றான்.

அவ்வளவுதான். தேங்க்ஸ்கூட இல்லை. பஸ் ஏறும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு வாரம் கழித்து சித்தி போன் செய்தார். “ஏண்டி, அவன் இப்ப ஜன்னல் பக்கம் போய்ப் படுத்துக்கிறான். வாசல் காலியாயிடுச்சு. என் போனுக்கு அந்த ஒயரை எடுத்துப் போட்டேன். ‘அம்மா, அது அக்கா எனக்கு வாங்கினது, உன்னோடதுல போட்டுக்கோ’ன்னு புடுங்கிட்டுப் போயிட்டான்!”