பேர் வைக்கும் வரை காத்திருக்காது பாலிசி

சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் அவருக்கு, மனைவியின் ஊரான ஈரோட்டில் ஜூன் 3 அன்று பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன். பில் 85,000 ரூபாய். கம்பெனியின் குரூப் பாலிசியில் பிரசவத்துக்கு 60,000 வரைதான். மீதியைக் கையிலிருந்து கட்டத் தயாராகத்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. இரண்டு நாள் விளக்கொளியில் வைத்ததற்குத் தனியாக 14,000 ரூபாய் பில். மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில், "பாலிசியில அம்மா பேர் இருக்கு, குழந்தை பேர் இல்லையே சார்" என்றார்கள். பிரசவத்துக்கான தொகையும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பணத்தைக் கட்டி, பில்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, மூணாம் மாசம் பேர் வெச்சுக்கலாம். அப்புறம் சர்ட்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் பாத்துக்கலாம்" என்றார் மாமியார். அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

கம்பெனி ஹெச்.ஆரில் இருந்த தோழி விவரம் சொன்னார். அந்த பாலிசிப்படி, குழந்தை பிறந்த 30 நாட்களுக்குள் தகவல் சொன்னால் பிறந்த தேதியிலிருந்தே காப்பீடு உண்டு. தவறவிட்டால், அடுத்த ஆண்டு பாலிசி புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும். அதுவரை ஐ.சி.யூ.வே ஆனாலும் சொந்தக் காசுதான். பெயர் இல்லையே என்றதற்கு, "அம்மா பேரைப் போட்டு, 'இன்னாரின் குழந்தை'ன்னு சேர்ப்பாங்க. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, டிஸ்சார்ஜ் சம்மரி... இது போதும்" என்றார். அன்றே மெயில் அனுப்பினார். குழந்தை சேர்க்கப்பட்டதாக ஒப்புதல் வந்த பிறகு, அந்த 14,000 ரூபாய் பில்லையும் க்ளெய்முக்குக் கொடுக்க வழி பிறந்தது.

எல்லா பாலிசியும் இப்படி இல்லை. நாமே பிரீமியம் கட்டி எடுக்கும் ஃபேமிலி ஃப்ளோட்டர்கள் பலவற்றில் குழந்தையை 91-ம் நாளிலிருந்துதான் சேர்ப்பார்கள். பிரசவச் செலவு தரும் சில பாலிசிகளில் மட்டும் முதல் நாளிலிருந்தே, ஒரு வரம்புக்குள், பாதுகாப்பு இருக்கும். எனவே ஏழாம் மாதத்திலேயே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: குழந்தைக்கு எந்த நாளிலிருந்து பாதுகாப்பு, எத்தனை நாட்களுக்குள் சொல்ல வேண்டும், குழந்தையின் செலவு பிரசவத் தொகைக்குள் அடங்குமா, தனியா? ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வது க்ளெய்ம் நேரத்தில் உதவாது.

அடுத்தது பிறப்புப் பதிவு. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. அப்பா சென்னையில் இருந்தாலும் இந்தக் குழந்தைக்கு ஈரோடுதான். 21 நாட்களுக்குள் தகவல் தரவேண்டும். மருத்துவமனைப் பிரசவம் என்றால் அதை மருத்துவமனையே அனுப்பிவிடும். கர்ப்பகாலத்தில் வாங்கிய பிக்மி எண் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

நம் வேலை, நர்ஸ் நீட்டும் படிவத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்ப்பது. இங்கே அம்மாவின் ஆதாரில் இருந்தது அவருடைய அப்பாவின் இனிஷியல். படிவத்தில் யாரோ கணவரின் இனிஷியலை எழுதிவிட்டார்கள். பார்த்துத் திருத்தியது ஒரு நிமிட வேலை. பதிவான பிறகு என்றால் ஆதாரங்களோடு பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியைக் காட்ட பள்ளி, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் என்பதால், ஒரு எழுத்துகூட முக்கியம்.

பெயர் இல்லாமலே சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டில் crstn.org தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை. மாமியார் கேட்டபடி மூணாம் மாசம் பேர் வைப்பதற்கு இதில் தடையே இல்லை. ஆங்கில எழுத்துகளை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். எண் கணிதம் பார்த்து அப்புறம் ஒரு 'ஏ' கூட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

பெயரோடு சான்றிதழ் வந்ததும் நீல நிற ஆதார். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்கமாட்டார்கள். குழந்தையின் புகைப்படமும் பெற்றோர் ஒருவரின் ஆதாரும் போதும். ஐந்து வயதானதும் கைரேகையைப் பதிய வேண்டும்.

அவர் கடைசியாகச் செய்தது, அதே ஹெச்.ஆருக்கு இன்னொரு மெயில். பாலிசியில் 'இன்னாரின் குழந்தை' என்று இருந்ததைச் சான்றிதழில் உள்ள பெயருக்கு மாற்றச் சொன்னார். இதை விட்டுவிட்டால், நாளை காய்ச்சலுக்கு அட்மிட் செய்யும்போது மருத்துவமனையில் ஒரு பெயரும் பாலிசியில் ஒரு பெயருமாக இருந்து, கேஷ்லெஸ் அங்கேயே நின்றுவிடும்.