யாருடைய யதார்த்தம்?

சர்வதேச உறவுகளில் யதார்த்தவாதத்தையும் தாராளவாதத்தையும் ஒப்பிட்டு விளக்குக என்ற வினா அரசியல் அறிவியல் இளங்கலைத் தேர்வில் அடிக்கடி வரும் ஒன்று. வழிகாட்டி நூல்கள் இதற்கு ஆயத்தமான விடையொன்றை வைத்திருக்கின்றன. நடுவே கோடு போட்ட ஓர் அட்டவணை; இடப்பக்கம் அதிகாரம், போர், அவநம்பிக்கை; வலப்பக்கம் ஒத்துழைப்பு, சமாதானம், நம்பிக்கை. இதை மனப்பாடம் செய்த மாணவர் தேர்ச்சி பெறலாம். ஆனால் நாளேட்டின் அயல்நாட்டுச் செய்தி ஒன்றைக்கூட அவரால் இதைக் கொண்டு விளக்க முடியாது.

மறுமுனையில் வேறொரு பிழை நிகழ்கிறது. இடதுசாரி உணர்வுள்ள மாணவர் சிலர், இரண்டும் முதலாளித்துவக் கோட்பாடுகளே என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு, ஏகாதிபத்தியம் பற்றி இரண்டு பக்கம் எழுதுகின்றனர். கேட்ட வினாவுக்கு அது விடையாகாது. ஆடம் ஸ்மித்தையும் ரிக்கார்டோவையும் மார்க்ஸ் விமர்சித்தது, அவர்களை முழுமையாகக் கற்றறிந்த பிறகுதான். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துரைக்கத் தெரியாதவர் அதை முறியடித்துவிட்டதாகக் கூறிக்கொள்வது வெறும் தற்பெருமையே.

தமிழ்வழியில் பயிலும் மாணவருக்குச் சொற்களும் இடறலாகின்றன. யதார்த்தவாதம் என்றால், உள்ளதை உள்ளபடி காட்டும் இலக்கியப் போக்கு என்பதே நமக்குப் பழகிய பொருள். அதனால் அச்சொல்லிலேயே ஓர் ஒப்புதல் ஒட்டிக்கொள்கிறது. தாராளவாதம் என்றதும் 1991க்குப் பிந்தைய தாராளமயம் நினைவுக்கு வருகிறது. இங்கு பேசப்படுபவை இவ்விரண்டும் அல்ல. அரசுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்ற ஒரே கேள்விக்கான இரண்டு விடைகளே இவை.

யதார்த்தவாதத்தின் விடை அரசுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறது. தன்னைக் காக்க வேறொருவர் வருவார் என்று எந்த நாடும் நம்பியிருக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றும் தன் வலிமையையே நாடுகிறது. 1948இல் வெளிவந்த தம் நூலில் ஹான்ஸ் மார்கெந்தாவ், தேச நலனை அதிகாரத்தின் வழியே வரையறுத்தார். 1979இல் கென்னத் வால்ட்ஸ், மனித சுபாவத்தை விட்டுவிட்டு, மேலாண்மையற்ற உலக அமைப்பையே காரணமாக்கினார். இது போர்வெறிக் கோட்பாடு என்று எழுதுவது தவறு. மார்கெந்தாவ் வியத்நாம் போரை எதிர்த்தார்; ஜான் மியர்ஷைமர் 2003ஆம் ஆண்டின் இராக் படையெடுப்பை எதிர்த்தார். அமெரிக்காவின் நலனுக்கே அப்போர்கள் கேடு என்பது அவர்களின் வாதம்.

மேலே அரசு இல்லை என்பதைத் தாராளவாதமும் மறுக்கவில்லை. ஆனால் வணிகம், பன்னாட்டு அமைப்புகள், ஜனநாயக ஆட்சி ஆகியவை அரசுகளின் கணக்கை மாற்றிவிடுகின்றன என்கிறது. காண்ட் 1795இல் முன்வைத்த நிரந்தர சமாதானச் சிந்தனையில் இதன் வேர் உள்ளது. அமைப்புகள் விதிகளை வகுக்கின்றன, தகவல் தருகின்றன, ஏமாற்றுவதன் விலையை உயர்த்துகின்றன; ஆகவே சுயநல அரசுகளும் ஒத்துழைக்கின்றன என்று ராபர்ட் கியோஹேன் போன்றோர் விளக்கினர். நல்லெண்ணத்தை நம்பும் கோட்பாடு என்று இதைச் சுருக்குவதும் தவறே.

இரண்டையும் சோதிக்க இந்திய–அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தம் பொருத்தமான உதாரணம். 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டு வெடித்த நாடுகளையே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. 1974இல் பொக்ரானில் அது நடத்திய சோதனைக்குப் பதிலடியாகவே அணுசக்திப் பொருள் வழங்கும் நாடுகளின் குழு உருவானது. அக்குழுவை உருவாக்குவதில் முன்நின்ற அமெரிக்கா, 2005 ஜூலையில் இந்தியாவுக்கு விதிவிலக்குப் பெற்றுத்தர முன்வந்தது. ஏன்?

வளரும் சீனாவுக்கு எதிர் எடை தேவைப்பட்டது என்கிறது யதார்த்தவாதம். இதற்குச் சான்று உண்டு. கூட்டறிக்கைக்குச் சில வாரங்கள் முன்பே, 2005 ஜூனில் இருநாட்டு ராணுவ ஒத்துழைப்புக்கான சட்டகம் கையெழுத்தானது. 2016, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் ராணுவத் தளவாட வசதி, தகவல் தொடர்பு, வரைபடத் தரவு குறித்த உடன்பாடுகள் தொடர்ந்தன. ஆனால் விருப்பமும் வலிமையும் மட்டும் போதுமெனில், அமெரிக்கா மறுநாளே எரிபொருளை அனுப்பியிருக்கலாமே? மூன்றாண்டுகள் எதற்கு?

இந்த இடத்தில் தாராளவாதம் பேசுகிறது. அமெரிக்கா தன் சட்டத்துக்கே விதிவிலக்குத் தேடி 2006இல் ஹைட் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. ஒருமித்த முடிவின்றி நகராத வழங்குநர் குழுவில் ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூஸிலாந்து போன்ற நாடுகள் தயக்கம் காட்டின. இனிச் சோதனை நடத்துவதில்லை என்ற தன் சுய கட்டுப்பாட்டை இந்தியா பகிரங்கமாக மீண்டும் உறுதிப்படுத்திய பின்னரே 2008 செப்டம்பர் 6 அன்று விதிவிலக்குக் கிடைத்தது. விதிகள் வல்லரசையும் சுற்றுவழியில் நடக்க வைத்தன. ஆனால் அதே விதிகள் வல்லரசு வேண்டிய நாட்டுக்காக வளைந்தும் கொடுத்தன.

இரண்டு விளக்கங்களும் நிற்கும் எல்லை இதற்கு அப்பால்தான் தெரிகிறது. 2005 செப்டம்பரிலும் 2006 பிப்ரவரியிலும் சர்வதேச அணுசக்தி முகமையில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. இடதுசாரிக் கட்சிகள் 2008 ஜூலையில் ஆதரவை விலக்கிக்கொண்டன. ஜூலை 22 அன்று அரசு 275க்கு 256 என்ற கணக்கில் தப்பியது. தேச நலன் என்ற ஒன்று தெளிவாக இருந்திருந்தால் நாடாளுமன்றம் ஏறக்குறைய இரு பாதிகளாகப் பிளந்தது ஏன்? அரசை ஒரே ஆளாகப் பாவிக்கும் யதார்த்தவாதத்தால் இக்கேள்வியை எழுப்பவே இயலாது. தாராளவாதம் உள்நாட்டுக் குழுக்களைப் பார்க்கிறது. ஆனால் தொழிலதிபர் சங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் செல்வாக்குக்குப் போட்டியிடும் இரு குழுக்களாக மட்டுமே எண்ணுகிறது. உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்று கேட்பதில்லை.

மார்க்சிய விமர்சனம் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். அங்கும் எச்சரிக்கை தேவை. அணு உலை விற்கும் நிறுவனங்களின் லாபமே ஒப்பந்தத்தின் முழுக் காரணம் என்று எழுதினால் உண்மைகள் இடிக்கும். கையெழுத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அதன்கீழ் ஓர் அமெரிக்க உலைகூட இங்கு இயங்கவில்லை. விபத்துக்கு வழங்குநரையும் பொறுப்பாக்க வழிவகுத்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிறுவனங்களைத் தயங்க வைத்தது. உலை வராதபோதும் ராணுவ உறவு வளர்ந்தது. இந்தியப் பெருமுதலாளி வர்க்கம் அமெரிக்க மூலதனத்தோடும் அதன் உலகத் திட்டத்தோடும் தன்னை இணைத்துக்கொள்ள விரும்பியதையும், அந்த விருப்பமே தேச நலன் என்று பெயர் சூட்டப்பட்டதையும் காட்டுவதே வலுவான வாதம்.

ஆகவே விடை எழுதுவோர் அட்டவணையைக் கைவிட வேண்டும். இரு கோட்பாடுகளும் ஏற்கும் பொதுத் தொடக்கத்தை முதலில் கூறி, அவை எங்கே பிரிகின்றன என்று காட்டலாம். பிறகு ஒரே நிகழ்வை இரண்டின் வழியாகவும் விளக்கி, ஒவ்வொன்றையும் சங்கடப்படுத்தும் ஓர் உண்மையை எடுத்துவைக்கலாம். விமர்சனம் கடைசியில் வரட்டும். இவ்வாறு எழுதப்பட்ட விடையைக் கொள்கை முழக்கம் என்று எந்தத் தேர்வாளரும் ஒதுக்கிவிட முடியாது. நாளை தேச நலனின் பெயரால் வேறோர் ஒப்பந்தம் வரும்போது, அது எந்த வர்க்கத்தின் நலன் என்று கேட்கவும் அம்மாணவருக்குத் தெரிந்திருக்கும்.