வெள்ளைச் சால்வையும் வெளிர் திரையும்

இறுதி ஆராதனை ஒழுங்கு அச்சடிக்கும் வேலை இப்போது பெரும்பாலும் நம் இளையோரிடம்தான் வருகிறது. மெல்பேர்னில் எடுத்த கலர் படம் என்றால் பின்னணியை நீக்க ஒரு நொடி போதும். யாழ்ப்பாண ஸ்டூடியோவில் வெளிர் திரைக்கு முன், வெள்ளை வேட்டி சால்வையோடு தாத்தா நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் தோளில் பாதி காணாமல் போகும். வீட்டில் அந்த ஒரு படம்தான் இருக்கும்.

பலரும் பயன்படுத்தும் rembg என்ற இலவச மென்பொருளில் u2net என்ற மாடல் இருக்கிறது. 2020இல் வெளியான அந்த மாடல் 10,553 படங்களைக் கொண்டு பயிற்சி பெற்றது. ஒவ்வொரு படத்திலும் கண்ணை முதலில் இழுக்கும் பொருளை மனிதர்கள் குறித்துக் கொடுத்தார்கள். ஆகவே அது தேடுவது தாத்தாவை அல்ல, கண்ணை இழுப்பதை. குழுப் படத்தில் ஓரமாக நிற்கும் பிள்ளை சில வேளை மறைந்துபோவதும் இதனால்தான்.

படத்தை முதலில் 320க்கு 320 புள்ளிகளாகச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்புக் கொடுக்கும். 1 என்றால் ஆள், 0 என்றால் பின்னணி. தலைக்குக் கீழே தோள் இருக்கும் என்று அதற்குத் தெரியும். தோள் சரியாக எங்கே முடிகிறது என்பதை நிற வேறுபாடுதான் சொல்ல வேண்டும். அது இல்லாத இடத்தில் மதிப்பு 0.5 பக்கம் தடுமாறும்.

விளிம்பை மென்மையாக்கும் `-a` தெரிவும் இங்கே உதவாது. ஓரப் புள்ளி ஒன்றை ஆளும் பின்னணியும் கலந்த கலவையாகத்தான் அது கணக்கிடுகிறது. கறுப்பு முடி 30, சுவர் 230, ஓரப்புள்ளி 130 என்றால் பாதிக்குப் பாதி என்று விடை வரும். சால்வையும் 240, திரையும் 240 என்றால் எந்த விகிதத்தில் கலந்தாலும் 240தான். ஒரே விடை என்று எதுவும் இல்லாத கணக்கு அது.

ஆனால் ஸ்கேனில் திரை 236, சால்வை 244 என்று சின்ன வித்தியாசமாவது இருந்தால் வழி உண்டு. படத்தின் நகல் ஒன்றில் 225க்கும் 250க்கும் இடைப்பட்டதை 0 முதல் 255 வரை இழுத்து விடுங்கள். 8 ஆக இருந்த இடைவெளி ஏறத்தாழ 80 ஆகும். படத்தின் புள்ளி இரைச்சலும் சேர்ந்து பெருகும் என்பதால் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ளுங்கள். அந்த நகலில் வெட்டி, கிடைத்த முகமூடியை மூலப் படத்தின்மேல் போடுங்கள்.

வெட்டியதை வெள்ளைத் தாளின்மேல் வைத்துச் சரிபார்க்காதீர்கள், ஓட்டை தெரியாது. கடும் சிவப்பின்மேல் வைத்தால் உடனே தெரியும். அப்போதும் தோள் கிழிந்திருந்தால் பேனாக் கருவியால் கையால் வரையலாம். என்னைக் கேட்டால், வெட்டாமல் ஸ்டூடியோத் திரையோடு முட்டை வடிவச் சட்டத்தில் போடுவதே அழகு.