சுருக்கத்தில் நழுவும் எண்கள்

ஒரு செய்தியைச் சுருக்கி எழுதும்போது நாம் முதலில் சொற்களைக் குறைக்கிறோம். அடைமொழிகளும் எடுத்துக்காட்டுகளும் நீங்கிவிடுகின்றன. எண்கள் மட்டும் அப்படியே இருப்பதால் அவை பிழையின்றி இருக்கின்றன என்று நம்புகிறோம். ஆனால், எண்ணைச் சுற்றியிருந்த சொற்கள் போனால் அதன் பொருளும் மாறிவிடும். ஆகவே, சொல்லெண்ணிக்கைக்காக வேறு எதைக் குறைத்தாலும், எண்ணை விளக்கும் சொற்களைக் குறைக்கக்கூடாது என்பது என் கருத்து.

சிங்கப்பூரின் பொருள், சேவை வரியை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டின் இறுதிவரை அது 7 விழுக்காடாக இருந்தது. 2023 ஜனவரி 1ஆம் தேதி 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1ஆம் தேதி 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. இதை ஒருவர், "வரி 2 விழுக்காடு உயர்ந்தது" என்று சுருக்குகிறார். மற்றொருவர், "வரி ஏறத்தாழ 29 விழுக்காடு உயர்ந்தது" என்று எழுதுகிறார். இவர்களுள் யார் சொல்வது சரி?

வரிக்கு முன் 100 வெள்ளி விலையுள்ள ஒரு காலணியை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன்பு அதற்கு 7 வெள்ளி வரி. கடையில் 107 வெள்ளி கொடுத்தோம். இப்போது 9 வெள்ளி வரி. 109 வெள்ளி கொடுக்கிறோம். கூடுதலான 2 வெள்ளியைப் பழைய வரியான 7 வெள்ளியோடு ஒப்பிட்டால், உயர்வு ஏறத்தாழ 29 விழுக்காடு. அதே 2 வெள்ளியை நாம் முன்பு கொடுத்த 107 வெள்ளியோடு ஒப்பிட்டால், உயர்வு 2 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆக, 29 என்பது வரித்தொகையின் உயர்வு. நாம் கொடுக்கும் விலையின் உயர்வு அன்று. "விலை 29 விழுக்காடு உயர்ந்தது" என்று மூன்றாமவர் ஒருவர் எழுதிவிட்டால், 107 வெள்ளிக்கு வாங்கிய காலணி 138 வெள்ளியாகிவிட்டது என்றே படிப்பவர் எண்ணுவார்.

முதலாமவர் எழுதியதிலும் பிழை உண்டு. 7இல் 2 விழுக்காடு 0.14 மட்டுமே. அப்படியானால் புதிய வரி 7.14 விழுக்காடாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு விழுக்காடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை "விழுக்காட்டுப் புள்ளி" என்று குறிப்பிட வேண்டும். வரி உயர்ந்தது 2 விழுக்காட்டுப் புள்ளி.

பேச்சில் "2 விழுக்காடு" என்றாலே புரிந்துவிடுகிறதே என்று சிலர் கேட்கலாம். நமக்கு 7, 9 என்னும் இரு எண்களும் முன்பே தெரியும், அதனால் புரிகிறது. "4 விழுக்காடாக இருந்த வட்டி 1 விழுக்காடு உயர்ந்தது" என்று படித்தால், புதிய வட்டி 5 விழுக்காடா, 4.04 விழுக்காடா என்று எப்படி அறிவது?

எண்களை முழுமையாக்கும்போதும் இத்தகைய பிழை நேரும். சிங்கப்பூரின் மக்கள்தொகை 2022 ஜூன் மாதத்தில் 5.64 மில்லியன், 2023 ஜூன் மாதத்தில் 5.92 மில்லியன். இரண்டையும் முழு மில்லியனாக்கினால் இரண்டுமே 6 மில்லியன்தான். ஓராண்டில் கூடிய ஏறத்தாழ 280,000 பேர் சுருக்கத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர். எனவே, முதலில் வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதன் பிறகே எண்ணை முழுமையாக்க வேண்டும்.

இந்தியச் செய்தித்தாள்களில் இலட்சக் கணக்கு வரும். ஒரு மில்லியன் என்பது பத்து இலட்சம், அதாவது, 5.92 மில்லியன் என்பது 59.2 இலட்சம். அலகை மட்டும் மாற்றி எண்ணை மாற்றாமல் விட்டால், நாட்டின் மக்கள்தொகை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இப்பிழைகளைக் கண்டறிய ஒரு வழி உண்டு. எழுதி முடித்ததும் மூலத்தை மூடி வையுங்கள். உங்கள் சுருக்கத்தில் உள்ள எண்களை மட்டும் கொண்டு, பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணைக் கணக்கிடுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். 9 வர வேண்டிய இடத்தில் 7.14 வந்தால், எங்கோ ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. கணக்கிடவே முடியவில்லை என்றால், எதில் எத்தனை விழுக்காடு என்பதை நீங்கள் எழுதவில்லை. "7 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்ந்தது" என்று எழுதினால், இரண்டு மூன்று சொற்கள்தாம் கூடும். படிப்பவருக்கு ஐயமே எழாது.