'ஏற்கனவே ரெண்டு தடவை உள்ளே போனவன்'... கோர்ட்டில் இது சாட்சியம் ஆகுமா?

ஒரு செல்போன் பறிப்பு வழக்கு. பிடிபட்டவருக்கு வயது 28. திருட்டு வழக்குகளில் ஏற்கனவே இரண்டு முறை தண்டனை அனுபவித்தவர். இப்போதைய விசாரணையில் அந்தப் பழைய தண்டனைகளை அரசு வழக்கறிஞர் சாட்சியமாகக் கொண்டுவர முடியுமா?

சிவில் நீதிபதி தேர்வுக்குத் தயாராகும் என் ஜூனியருக்குப் போன வாரம் ஒரு மாதிரி வாய்மொழித் தேர்வு வைத்தோம். அதில் வந்த முதல் கேள்வி இது. கேட்டவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. சரியான பதில் சொன்னாலும் விடாமல், 'ஏன்?' என்று அடுத்த கேள்வியைப் போடுகிற ரகம். நான் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"முடியாது மேடம். பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 49. பழைய சாட்சியச் சட்டத்துல 54. எதிரியோட முந்தைய கெட்ட நடத்தையைப் பார்க்கக் கூடாது." (கோர்ட் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் சொல்வோம்.)

"சரி. அதே பிரிவுக்குக் கீழே ரெண்டாவது விளக்கம் படிச்சியாம்மா? முந்தைய தண்டனை, கெட்ட நடத்தைக்குச் சாட்சியமா செல்லும்னு அங்கேயே இருக்கே. மேலே முடியாதுங்குது, கீழே முடியும்ங்குது. எது சரி?"

ஜூனியர் திணறினார். நிறைய பேர் விழுகிற இடம் இதுதான். பிரிவு 49 ஒரு கதவைப் பூட்டி வைக்கிறது. அந்தக் கதவு திறந்தால், உள்ளே எதைக் கொண்டு போகலாம் என்பதை மட்டுமே இரண்டாவது விளக்கம் சொல்கிறது. அதை வைத்துக் கதவைத் திறக்க முடியாது. சாவி எதிரியின் கையில் இருக்கிறது. பிரிவு 47-ன்படி அவர் தன் நன்னடத்தைக்குச் சாட்சி கொண்டுவரலாம். கொண்டுவந்தால், அதற்குப் பதிலடியாக அரசுத் தரப்பு பழைய தண்டனையைக் காட்டலாம். அவர் வாயே திறக்காவிட்டால் கதவு பூட்டியே கிடக்கும்.

"எதிரி தரப்பு வக்கீல் 'என் கட்சிக்காரர் நிரபராதி'ன்னு வாதாடினா கதவு திறந்துடுமா?"

"இல்ல மேடம். அது குற்றத்தை மறுக்கறது. நடத்தைக்குச் சாட்சியம் இல்ல."

"விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை பண்றப்போ, 'இவருக்கு ஏரியாவுல நல்ல பேருதானே?'ன்னு கேட்டு, அவரும் ஆமான்னு சொல்லிட்டா?"

கொஞ்சம் யோசித்து, "அது சாட்சியம்தான். திறந்துடும்" என்றார். மேடம் முதல் முறையாகத் தலையாட்டினார். கட்சிக்காரருக்கு நல்லது செய்வதாக நினைத்து, வக்கீலே அவரை மாட்டிவிடும் கேள்வி அது.

செய்திகளில் வருமே, 'இவர் மீது 12 வழக்குகள் நிலுவையில் உள்ளன' என்று? அவை தண்டனைகளே அல்ல. அந்த இரண்டாவது விளக்கத்துக்குள்கூட அவை வராது. ஜாமீன் மனுவில் அவற்றைப் பார்ப்பது வேறு விஷயம். குற்றத்தை நிரூபிக்க அவை உதவாது.

கடைக்காரர் வந்தால் கதை மாறும்

"பறிச்ச போனை ஒரு கடைக்காரர் வாங்கியிருக்கார். திருட்டுப் பொருளை வாங்கினதா அவர் மேல வழக்கு. 'திருட்டு போன்னு எனக்குத் தெரியாது'ங்கறார். இதே மாதிரி திருட்டு போன் வாங்கி, முன்னாடியே தண்டனை ஆனவர். அதைக் கொண்டுவரலாமா?"

"முடியாது மேடம், 49..."

"தப்பு!"

இங்கே பிரிவு 12 வருகிறது. குற்றமே 'தெரிந்து செய்தாரா?' என்பதைப் பொறுத்தது என்றால், அந்த மனநிலையைக் காட்டும் சங்கதிகளைக் கொண்டுவரலாம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. கள்ளக் காசை ஏமாற்றி இன்னொருவரிடம் கொடுத்தவர் மீது வழக்கு. கள்ளக் காசு என்று தெரிந்தே வேறொருவரிடம் அதைக் கொடுத்ததற்காக முன்பு தண்டனை பெற்றவர் அவர். அந்தத் தண்டனையைக் காட்டலாம். அதே பிரிவில் எதிர் உதாரணமும் உண்டு. ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், எதிரி அதே நபரை முன்பும் சுட்டிருக்கிறார் என்று காட்டலாம். ஆட்களைக் கொல்லும் நோக்கத்தோடு சுடுவது அவருக்கு வழக்கம் என்று காட்டக் கூடாது.

"அப்போ கடைக்காரருக்கு அடிதடி வழக்குல தண்டனை இருந்தா?"

"அது செல்லாது மேடம். திருட்டு போனைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்னு அது காட்டாது. மோசமான ஆளுன்னு மட்டும்தான் காட்டும்."

'இந்த ஆளுக்கு இது தெரிந்திருக்கும்' என்பதற்கும் 'இந்த ஆள் இப்படித்தான்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இதில் எல்லாமே. பறித்தவர் வழக்கில் 'தெரியுமா, தெரியாதா?' என்ற கேள்வியே இல்லை. 'பறித்தது இவரா?' என்பதுதான் கேள்வி. அதனால் அங்கே பிரிவு 12 உதவாது.

நீதிபதிக்குத் தெரியாதா என்ன?

அடுத்தது கொஞ்சம் விவகாரமான கேள்வி. "ஜூரி மனசு கெட்டுடும்னுதான் இங்கிலாந்துல இந்த விதி வந்துச்சு. இப்போ நம்ம ஊர்ல ஜூரியே இல்ல. நீதிபதி பயிற்சி எடுத்தவர். அப்புறம் எதுக்கு இந்தப் பூட்டு?"

ஜூனியர் 'மனச்சாய்வு' என்று பாடப்புத்தக பதிலைச் சொன்னார். என் பதில் வேறு. பறிப்பு வழக்கில் இந்த 28 வயதுக்காரர் எப்படிச் சிக்கினார் என்று பாருங்கள். ஸ்டேஷனில் பழைய குற்றவாளிகளின் போட்டோ ஆல்பத்தைப் பறிகொடுத்தவரிடம் காட்டுகிறார்கள். பழைய தண்டனை இருப்பதால்தான் இவர் படம் அதில் இருக்கிறது. சில நொடி மட்டுமே திருடனின் முகத்தைப் பார்த்தவர் 'இவர் மாதிரி இருக்கு' என்கிறார். அதற்குப் பிறகு நடக்கும் அடையாள அணிவகுப்பில், அவர் அடையாளம் காட்டுவது ரோட்டில் பார்த்த முகத்தையா, ஆல்பத்தில் பார்த்த முகத்தையா? அணிவகுப்பின் மதிப்பே அங்கே குறைந்துவிடுகிறது. கடைசியில் கோர்ட்டும், 'ஏற்கனவே தண்டனை பெற்றவர், இவர்தான் செய்திருப்பார்' என்று சொன்னால்? சந்தேகப்படவும் அந்தப் பழைய தண்டனைதான் காரணம், அடையாளம் காட்டவும் அதுதான், தண்டிக்கவும் அதுதான். ஒரே தகவலை மூன்று தடவை எண்ணிவிட்டு, மூன்று ஆதாரம் இருப்பதாக நம்பிக்கொள்கிறோம். உண்மையில் பறித்தவன் இதுவரை சிக்கவே இல்லாத புது ஆள் என்றால், அவனை யாரும் தேடக்கூட மாட்டார்கள். நீதிபதி எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் இந்தக் கணக்குப் பிழை சரியாகாது.

நடைமுறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஜாமீன் மனுவைக் கேட்ட மாஜிஸ்திரேட்டே வழக்கையும் விசாரிக்கலாம். அப்போது பழைய வழக்குப் பட்டியல் அவர் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பார்க்காத மாதிரி இருங்கள் என்று கேட்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தீர்ப்பைச் சோதிக்கலாம். எதிரியின் கடந்தகாலம் பற்றிய வரிகளை அடித்துவிட்டுப் படித்தால், மீதி உள்ள சாட்சியத்தில் தீர்ப்பு நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் மேல்முறையீட்டில் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

"அப்போ பழைய தண்டனை எப்பவுமே வெளிய வராதா?" - மேடத்தின் கடைசிக் கேள்வி.

"வரும் மேடம். குற்றவாளின்னு முடிவானதுக்கு அப்புறம்." சரியான பதில். சாதாரணத் திருட்டில் இரண்டாவது முறை தண்டனை என்றால், குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல். அப்படிக் கூடுதல் தண்டனை கேட்டு, பழைய தண்டனையைக் குற்றச்சாட்டிலேயே சேர்த்திருந்தாலும், குற்றவாளி என்று தீர்மானிக்கும்வரை அந்தப் பகுதியைப் படித்துக் காட்டக் கூடாது. அரசுத் தரப்பு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 271, செஷன்ஸ் கோர்ட்டுக்குப் பிரிவு 259.

"எப்படி நிரூபிப்பே?"

"பழைய கோர்ட் தீர்ப்போட சான்றிட்ட நகல், இல்லேன்னா ஜெயில் அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்று."

"அதுல ஒரு பேரு இருக்கும், அப்பா பேரு இருக்கும். அந்த ஆளுதான் இந்த ஆளுன்னு யாரும்மா சொன்னா?"

ஜூனியர் நோட்டைத் திறந்து, 'ஆள் அடையாளத்துக்குத் தனிச் சாட்சி' என்று எழுதிக்கொண்டார்.