மனைப்பணி: கம்பளிக் காலுறையில் விழுந்த ஓட்டை

கார்த்திகை பிறந்ததும் வடநாட்டில் வாழும் நம்மவர் இல்லங்களில் டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. ஸ்வெட்டரும் சால்வையும் வெயில் காண வெளியே வருகின்றன. அவற்றின் அடியிலிருந்து காலுறைகளும் வருகின்றன. சென்னையில் இருந்தவரையில் சாக்ஸ் என்பது நமக்குப் பள்ளிக்கூடச் சீருடையின் ஓர் அங்கம் மட்டுமே. தில்லியிலோ, சிம்லாவிலோ, தை மாதத்து விடியற்காலையில் சிமெண்டுத் தரையில் கால் வைத்தவர்கள் அதன் அருமையை வேறு விதமாக அறிவார்கள்.

சிம்லாவிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மாமியார் தம் கையாலேயே மகனுக்கு நான்கு ஜோடிக் கம்பளிக் காலுறைகள் பின்னிக் கொடுத்தாராம். இப்பொழுது அந்த அம்மையாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஊசியைக் கையில் எடுப்பதில்லை. ஒரு காலுறையின் குதிகாலில் ஓட்டை விழுந்தது. சகோதரி சாதாரணத் தையல் நூலால் ஓட்டையைச் சுற்றித் தைத்து, சுருக்குப் பை போல் இழுத்து முடிந்துவிட்டார். பத்து நாட்களில் தையலைச் சுற்றி வட்டமாக மறுபடியும் கிழிந்து, ஓட்டை முன்னிலும் பெரிதாயிற்று. “இனி இவ்வீட்டில் இன்னொரு ஜோடி பின்னப்படப் போவதில்லை. இதை எப்படியாவது காப்பாற்ற வழியுண்டா?” என்று கேட்கிறார். உண்டு. அதற்கு முன், அவர் தைத்தது ஏன் நிற்கவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம்.

வேட்டியும் புடவையும் நெய்த துணிகள். பாவும் ஊடையுமாகக் குறுக்கும் நெடுக்கும் இழைகள் ஓடுகின்றன. காலுறையோ பின்னல் துணி. அதில் ஒரே இழை, கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழேயுள்ள கண்ணியின் வழியே இழுக்கப்பட்டு நிற்கிறது. அதனால்தான் அது காலுக்கேற்ப நீண்டு சுருங்குகிறது. அதனாலேயே, ஓரிடத்தில் இழை அறுந்தால் அதைப் பற்றி நின்ற கண்ணி பிடிமானமிழந்து, ஏணிப்படி போல் வரிசையாக அவிழத் தொடங்குகிறது. ஓட்டை விழுந்த இடத்தில் கம்பளி தேய்ந்து போய்விட்டது. அங்கே துணியே இல்லை. இல்லாத துணியை இருப்பதாகப் பாவித்து விளிம்புகளை இழுத்துக் கட்டினால், சுற்றியுள்ள கண்ணிகள், அவையும் பாதி தேய்ந்தவை, முழுப் பாரத்தையும் தாங்க நேரிடுகிறது. மெல்லிய பருத்தி நூலோ கம்பளியைக் கத்தி போல் அறுக்கும். போதாததற்கு, நடுவில் திரண்ட முடிச்சு குதிகாலில் உறுத்தும். ஆகவே ஓட்டையை மூடுவதன்று நம் வேலை. ஓட்டையில் புதிய துணி ஒன்றை நெய்வதே வேலை.

இங்கேதான் தறி நினைவுக்கு வருகிறது. கம்பளி இழைகளை முதலில் நெடுக்காக ஓட்டிப் பாவு போடுகிறோம். பிறகு குறுக்காக ஊடை செலுத்துகிறோம். கிழிந்த சால்வையை இருந்த இடம் தெரியாமல் இழைத்துத் தரும் ரஃபூகர்களை இப்பக்கத்தில் வாழும் நம் சகோதரிகள் அறிவார்கள். உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத் அத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அவர்கள் நெய்த துணியை நெய்தே சீர் செய்கிறார்கள். நாமோ பின்னிய துணியில் நெய்த ஒட்டு வைக்கிறோம். இந்த வேற்றுமையை மறக்கலாகாது. நெய்த ஒட்டு நீளாது. குதிகாலிலும் விரல் நுனியிலும் அதனால் தீங்கில்லை; அங்கே துணி அதிகம் நீள வேண்டியதில்லை. கணுக்காலின் மேல் வரிவரியாகப் பின்னிய பட்டையில் இதைச் செய்தால் காலை உள்ளே நுழைக்கவே முடியாமற் போகும்.

வேண்டிய பொருள்கள் சொற்பம். முனை மழுங்கிய, காது நீண்ட கம்பளி ஊசி ஒன்று. காலுறையின் உள்ளே வைத்துத் தாங்குவதற்கு வழவழப்பான, சற்றே மேடான பொருள் ஒன்று. மேல்நாட்டார் இதற்கெனக் காளான் வடிவில் ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறார்கள். அது இல்லையே என்று ஏங்க வேண்டாம். நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டையோ, சிறிய கிண்ணத்தின் அடிப்புறமோ போதும். இழை, காலுறையின் இழையளவு பருமனோ அதைவிடச் சற்று மெல்லியதோ இருக்கலாம். தடித்ததாக இருக்கவே கூடாது. கம்பளியோடு கால் பங்கு நைலான் கலந்தது குதிகாலுக்கு நெடுநாள் உழைக்கும். கடையில் ‘ஊல்’ என்று விற்பதெல்லாம் கம்பளியன்று. ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: உண்மைக் கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும், அக்ரிலிக் இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். புதிய கம்பளியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து உலர்த்திய பிறகே உபயோகிக்க வேண்டும். இல்லாவிடில் முதல் சலவையில் ஒட்டு மட்டும் சுருங்கிச் சுற்றுத் துணியை இழுக்கும். நிறம் பொருந்த வேண்டுமென்று கடை கடையாக அலைவது வீண். செருப்புக்குள் மறையும் குதிகாலை எவர் பார்க்கப் போகிறார்? முதன்முறை செய்பவர்களுக்கு வேற்று நிறமே நல்லது. இழைகளை எண்ணக் கண்ணுக்கு எளிது.

இனி, சிம்லா சகோதரியின் காலுறையையே எடுத்துக்கொள்வோம். பழைய பருத்தித் தையலைச் சிறு கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி, இழுக்காமல் எடுத்துவிட வேண்டும். காலுறையைத் துவைத்து உலர்த்த வேண்டும். அழுக்கேறிய கம்பளியில் ஊசி தடைபடும். வெளிப்புறம் மேலிருக்குமாறு சிரட்டையின்மேல் போடுங்கள். பொருந்தி உட்கார்ந்தால் போதும், இழுத்துப் பரப்பலாகாது. பரப்பிய நிலையில் நெய்தால், எடுத்தவுடன் துணி சுருங்கி, ஒட்டு பை போல் தொங்கும். ஓரத்தில் நிற்கும் பிசிறை நறுக்கலாம். ஆனால் ஓட்டையை அழகிய வட்டமாக்குகிறோமென்று நல்ல கண்ணிகளை வெட்டிவிடாதீர்கள்.

ஓட்டை இரண்டரை சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் அதைச் சுற்றிச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வரை துணி வலை போல் மெலிந்திருப்பது தெரியும். அந்த மெலிந்த பகுதி முழுவதையும் ஒட்டு தழுவ வேண்டும். ஆக நாம் நெய்ய வேண்டியது நாலரை சென்டிமீட்டர். பின்னல் துணியின் வெளிப்புறத்தில் கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, அம்பு முனை வடிவில் வரிசையாக நிற்கும். கையால் பின்னிய காலுறையில் சென்டிமீட்டருக்குச் சுமார் 3 வரிசை. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால்கள். ஒவ்வொரு காலின் வழியும் ஒரு பாவிழை ஓட வேண்டும். கணக்குப் பார்த்தால் 27 இழைகள். பாவுக்கு ஒன்றரை மீட்டர், ஊடைக்கு அதே அளவு, மொத்தம் மூன்று மீட்டர் கம்பளி போதும். ஒரே நீளமாகக் கோத்தால் உரசி நைந்துவிடும். முக்கால் மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள்.

முடிச்சே போடக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் வால் விட்டு, ஓட்டைக்கு வலப்புறம், நல்ல துணியில் தொடங்குங்கள். வரிசையை ஒட்டி மேல்நோக்கி ஒரு கண்ணிக் காலைக் குத்தி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததைக் குத்தி ஓட்டுங்கள். திரும்பி வரும்போது முன்பு விட்டவற்றைக் குத்த வேண்டும். திரும்பும் இடத்தில் இழையை ஒட்ட இழுக்காமல் கடுகளவு வளையம் விடுங்கள். நடக்கும்போது ஒட்டு இசைந்து கொடுக்க அது உதவும். திரும்பும் இடங்கள் ஒரே கோட்டில் அமையாமல், ஒன்று சற்று நீண்டும் ஒன்று சற்றுக் குறைந்தும் இருக்கட்டும். ஒரே கோட்டில் அமைந்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடியும் கிழியும். சகோதரியின் தையலைச் சுற்றி வட்டமாகக் கிழிந்ததும் இவ்வாறே.

ஓட்டையின் விளிம்பை அடையும்போது அவசரம் கூடாது. அங்கே அவிழ்ந்து நிற்கும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசி புகுந்து செல்ல வேண்டும். ஒரு கண்ணி தப்பினாலும் அது ஒட்டின் அடியில் மெல்ல அவிழ்ந்து ஓடும். பிறகு இழை ஓட்டையைத் தாண்டி எதிர்க்கரையில் அதே வரிசையின் கண்ணியைச் சேர வேண்டும். தாண்டும் இழை வீணைத் தந்தி போல் விறைக்கவும் கூடாது, கொடிக் கயிறு போல் தொங்கவும் கூடாது; சிரட்டையின் மேட்டில் இயல்பாகப் படிந்து கிடக்க வேண்டும்.

பாவு முடிந்ததும் காலுறையைத் திருப்பிப் பிடித்து ஊடையைத் தொடங்குங்கள். இதுவும் ஓட்டைக்கு வெளியே நல்ல துணியில் தொடங்கி, நல்ல துணியில் முடிய வேண்டும். ஒரு பாவிழையின் மேல், அடுத்ததன் கீழ், அதற்கடுத்ததன் மேல் எனச் செல்லுங்கள். அடுத்த வரிசையில் அது மாறி வர வேண்டும். ஓட்டையின்மேல் செல்லும்போது ஊசியின் முனைக்குப் பதிலாகக் காதுப் பக்கத்தை முன்னே விட்டால், இழையைப் பிளக்காமல் வழுக்கிச் செல்லும். ஒவ்வொரு வரிசையையும் ஊசியால் தள்ளி முந்தையதோடு சேர்த்துவிடுங்கள். பாவிழைகள் எத்தனையோ அத்தனையே ஊடையிழைகள். அதற்கு மேல் திணித்தால் அட்டை போல் விறைத்துக் காலை உறுத்தும். இழை தீர்ந்தால் புதிய இழையை நல்ல துணியின் பகுதியில்தான் சேர்க்க வேண்டும், ஓட்டையின் நடுவே அன்று.

நடுவில் நிறுத்திச் சரி பார்ப்பது நல்லது. எங்கேனும் இரண்டு பாவிழைகளைச் சேர்த்து எடுத்துவிட்டால், அதற்கப்பால் வரிசைகள் மாறி வராமல் ஒரே பக்கமாக அடுக்கி நிற்கும். அப்படியானால் அந்த வரிசை வரை உருவிவிட்டு மறுபடி ஓட்டுவதே வழி. சிரட்டையை எடுத்த பிறகு சுற்றுத் துணி சுருக்கம் விழுந்தால் இழை இறுகிவிட்டதென்று அறியலாம். வெளிச்சத்தில் சிறு புள்ளிகள் தெரிவதால் குற்றமில்லை. கடுகு நுழையும் துவாரம்தான் கூடாது. வால்களை உட்புறமாக இழுத்து, சில கண்ணிகளில் ஓட்டி நறுக்கிவிடுங்கள். முதல் சலவையைக் கையால், வெதுவெதுப்பான நீரில் செய்வது நலம். சில வாரம் அணிந்தபின் கம்பளி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒட்டு இன்னும் இறுகிவிடும்.

சகோதரியிடம் இன்னும் மூன்று ஜோடிகள் இருக்கின்றன. அவற்றின் குதிகால்களையும் இப்பொழுதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுகிறோம். வலை போல் மெலிந்தும் இழை அறாமலும் இருந்தால் நெசவு தேவையில்லை. கண்ணிகள் செல்லும் வழியிலேயே இன்னோர் இழையைச் செலுத்தி இரட்டிப்பாக்கலாம். அது துணியோடு சேர்ந்து நீளும். ஓட்டை ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாலோ, நெய்த ஒட்டு அங்கே நிற்காது. குதிகாலை முழுவதும் அவிழ்த்துப் புதிதாகப் பின்ன வேண்டியதுதான். அதை அடுத்த இதழில் எழுதுவோம்.